கருவி பூஜ்யம் காட்டும்போது

1990 மார்ச் 8 அன்று காலை, அமெரிக்காவின் ஃபார்கோ நகரிலிருந்து மினியாபொலிஸுக்கு 91 பயணிகளுடன் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் போயிங் 727 ஒன்று புறப்பட்டது. விமானி அறையில் மூவர் இருந்தார்கள். முந்தைய இரவு மூவரும் ஒரு மதுக்கூடத்தில் வெகுநேரம் குடித்திருந்தார்கள். அதைப் பார்த்த ஒருவர் அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லியும் விமானம் கிளம்பிவிட்டது. தரையிறங்கிய பின் நேரம் கழித்துத்தான் ரத்தத்தைச் சோதித்தார்கள். தலைமை விமானி லைல் ப்ரௌஸின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 130 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. வானில் இருந்தபோது அதைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

பறப்பதற்கு முந்தைய 8 மணி நேரத்தில் குடிக்கக் கூடாது என்பது அப்போதும் இப்போதும் அமெரிக்க அரசின் விதி. இந்தியாவில் இது 12 மணி நேரம். மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதைக் கல்லீரலின் கணக்கு காட்டிவிடும். பெரும்பாலான மருந்துகள் உடலில் அதிகமாக இருந்தால் அதிகமாகவும், குறைவாக இருந்தால் குறைவாகவும் வெளியேறும். ஆல்கஹால் அப்படியில்லை. அதைச் சிதைக்கும் நொதி சிறிய அளவிலேயே முழுத் திறனை எட்டிவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு குடித்திருந்தாலும், ரத்தத்தில் 100 மில்லிக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். ஆளுக்கு ஆள் இது சற்றே மாறும். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலைக்குக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

இரவு 11 மணிக்கு ஒரு பேருந்து ஓட்டுநரின் ரத்தத்தில் 150 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் கரைய 10 மணி நேரம் ஆகும், அதாவது காலை 9 மணி. முதல் நடைக்கு 5 மணிக்கு டிப்போவுக்கு வருகிறார். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்திருக்கிறார், தெளிவாக இருப்பதாகவே நினைக்கிறார். ஆனால் ரத்தத்தில் இன்னும் 60 மில்லிகிராம் இருக்கிறது. சாலையில் எல்லோருக்கும் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. ஆகவே பயணிகளின் பாதுகாப்பைச் சார்ந்த பணிகளுக்கான மதுக் கொள்கையில் “பணிக்கு முன் இத்தனை மணி நேரம் குடிக்கக் கூடாது” என்பதோடு, “பணி நேரத்தில் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும்” என்ற வரியும் தேவை. முதல் வரி ஊழியர் திட்டமிட உதவுகிறது. இரண்டாவதைத்தான் கருவியால் சோதிக்க முடியும்.

டிப்போக்களிலும் விமான நிலையங்களிலும் பயன்படும் நல்ல மூச்சுப் பரிசோதனைக் கருவிக்குள் ஒரு சிறிய எரிபொருள் மின்கலம் இருக்கிறது. ஊதும் காற்றில் உள்ள ஆல்கஹால் பிளாட்டினப் பரப்பில் அசெட்டிக் அமிலமாக மாறுகிறது. அப்போது பிறக்கும் மின்னோட்டத்தின் அளவே திரையில் எண்ணாகத் தெரிகிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் உள்ளதைப்போல் சுமார் 2,100 மடங்கு ஆல்கஹால் அதே கன அளவு ரத்தத்தில் இருக்கும் என்ற சராசரியை வைத்து ரத்த அளவைக் கணக்கிடுகிறார்கள். மலிவான குறைகடத்திக் கருவிகள் சர்க்கரை நோயாளியின் மூச்சில் உள்ள அசிட்டோனுக்கும் எண் காட்டலாம், மின்கலக் கருவி பெரும்பாலும் அந்தத் தவறைச் செய்வதில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. ஆல்கஹால் நுரையீரலிலிருந்து வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

2025 ஜூலையில் கேரளாவின் பந்தளம் அரசுப் பேருந்து டிப்போவில், குடிக்காத ஓட்டுநர்கள் ஊதியபோது கருவி எண் காட்டியது. ஊதுவதற்கு முன் அவர்கள் பலாச்சுளை சாப்பிட்டிருந்தார்கள். நன்கு கனிந்த பலாவின் சர்க்கரை நொதிக்கும்போது சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும். வாய் கொப்பளிக்கும் மருந்திலும், சில இருமல் மருந்துகளிலும், ஆல்கஹாலில் கரைத்த ஹோமியோபதி மருந்திலும் அது இருக்கிறது.

இதற்கான தீர்வு, கொள்கையில் எழுதப்படும் ஒரு கால அளவில் இருக்கிறது. வாயில் தங்கிய ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் மறைந்துவிடும். ரத்தத்தில் இருப்பதோ 20 நிமிடத்தில் சுமார் 5 மில்லிகிராம்தான் இறங்கும். முதல் ஊதலில் 22, இரண்டாவதில் 0 என்றால் அது பலாச்சுளை. முதலில் 22, அடுத்து 18 என்றால் அது நேற்றைய இரவு. “சிறிது நேரம் கழித்து மறுபரிசோதனை” என்று மட்டும் எழுதினால் என்ன நடக்கும்? ஐந்து நிமிடத்தில் மீண்டும் ஊதச் சொன்னால் குற்றமற்றவர் சிக்குவார். தெரிந்த மேலாளர் ஒரு மணி நேரம் காக்க வைத்தால் 22 என்பது 7 ஆகிவிடும், இன்னும் சற்றுப் பொறுத்தால் பூஜ்யமே ஆகிவிடும். அதனால்தான் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, இரண்டாம் சோதனை 15 முதல் 20 நிமிட இடைவெளியில் நடக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன் கருவி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறது. ஒரு டிப்போவுக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

“முதல் அளவீடு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், ஊழியர் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, எதையும் உண்ணாமல், பருகாமல், புகைக்காமல், ஒரு சாட்சியின் முன் அமர்ந்திருப்பார். 15 நிமிடத்துக்குக் குறையாமலும் 20 நிமிடத்துக்கு மிகாமலும் இரண்டாம் அளவீடு எடுக்கப்படும். அதுவரை அவருக்கு வண்டி தரப்படாது, அவர் மீது குற்றமும் பதியப்படாது.”

பெரும்பாலான நிறுவனங்களின் கொள்கை இங்கேயே நின்றுவிடுகிறது. பூஜ்யம் என்றால் வண்டி எடுக்கலாம், இல்லையென்றால் தண்டனை. பூஜ்யம் என்ற எண் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் எனக்குப் பெரும் கவலை.

1986-இல் அமெரிக்கக் கடற்படை விமானிகள் பத்துப் பேரை அளந்து குடிக்க வைத்து, 14 மணி நேரம் கழித்துப் பாவனை விமானத்தில் பறக்கவைத்து ஆராய்ந்தார்கள். அந்த நேரத்தில் ஆல்கஹால் கரைந்திருக்கும். ஆனாலும் குடிக்காத நாளைவிட மோசமாகவே ஓட்டினார்கள். இது எப்போதாவது குடிப்பவரின் நிலை. தினமும் குடித்து உடல் பழகிப்போனவருக்கு நேர்வது இதைவிட ஆபத்தானது.

நாள்தோறும் ஆல்கஹால் வந்து மூளையைத் தணிக்கும்போது, மூளை அதை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. ஆல்கஹால் திடீரென நின்றால் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். கடைசிக் கோப்பைக்குப் பின் 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணில் தெரிவதும், உயிருக்கு ஆபத்தும் நேரலாம். சோதனைக்குப் பயந்து முந்தைய நாள் மதியத்தோடு குடியை நிறுத்திய ஓட்டுநர் காலையில் ஊதும்போது கருவி பூஜ்யம் காட்டும். வலிப்புக்கான வாய்ப்பு மிக அதிகமாக இருப்பதும் அதே வேளையில்தான். அவரிடம் நாம் பேருந்தின் சாவியைக் கொடுத்து அனுப்புகிறோம்.

எனவே கொள்கையில் உள்ள சிகிச்சைப் பகுதியை நிர்வாகத்தின் கருணையாக எண்ணக் கூடாது. கருவி பிடிக்க முடியாத ஆபத்தைப் பிடிக்கும் ஒரே வழி அது. அந்த ஓட்டுநர் தானாக வந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும் என்றால் சொல்லமாட்டார். அமெரிக்க ரயில்வேக்களுக்கான அரசு விதிகள் 1980-களிலேயே இதை உணர்ந்திருந்தன. தானாக உதவி கேட்கும் ஊழியரைத் தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு ஒவ்வொரு ரயில்வேயிலும் இருக்க வேண்டும் என்றன. அந்நாட்டு விமானிகளுக்காக 1974-இல் தொடங்கிய ஒரு சிகிச்சைத் திட்டத்தின் வழியாக ஆயிரக்கணக்கானோர் மீண்டும் பறக்கிறார்கள். மேலே சொன்ன ப்ரௌஸ் சிறை சென்றார், உரிமத்தை இழந்தார், குடியை விட்டார். எல்லாத் தேர்வுகளையும் மறுபடி எழுதி, அதே நிறுவனத்தில் போயிங் 747 தலைமை விமானியாக ஓய்வு பெற்றார்.

இந்திய விமான விதிகளில் ஒரு முரண் இருக்கிறது. 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் விதியின்படி, முதல்முறை சிக்குபவர் போதை மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். இரண்டாம் முறை 3 ஆண்டு தடை, மூன்றாம் முறை உரிமம் ரத்து. மதுவுக்கோ முதல்முறையே 3 மாதத் தடை, பின்னர் 3 ஆண்டு, பின்னர் ரத்து. கஞ்சாவுக்குச் சிகிச்சையும் மதுவுக்குத் தண்டனையும் என்ற இந்தப் பிரிவினைக்கு மருத்துவத்தில் அடிப்படை கிடையாது.

போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையைப் படிக்கவும் எச்சரிக்கை வேண்டும். அடிக்கடி கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் அதன் எச்சம் வாரக்கணக்கில் இருக்கும். எப்போதோ பயன்படுத்தினார் என்பதை அது சொல்லும், இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா என்று சொல்லாது. குருமாவில் அரைத்த கசகசாவே மார்ஃபின் தடயத்தைத் தரலாம். இதனால்தான் அமெரிக்கா 1998-இல் அபின் வகைக்கான வரம்பை மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. முதல்கட்டச் சோதனை முடிவை வைத்து யாரையும் நீக்கக் கூடாது. ஆய்வகத்தில் உறுதிப்படுத்தி, மருத்துவர் ஒருவர் ஊழியரிடம் உணவையும் மருந்தையும் விசாரித்த பின்பே முடிவு என்று எழுத வேண்டும்.

தானாக முன்வருபவருக்கான வரியில் இரண்டு செய்திகள் துல்லியமாக இருக்க வேண்டும். ஒன்று, காலக்கெடு. “சோதனைக்கு அழைக்கப்படும் முன், விபத்து நிகழும் முன் சொன்னால், சொன்னதற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை.” இந்த எல்லை இல்லாவிட்டால், கருவியைக் கண்டதும் எல்லோரும் உதவி கேட்பார்கள். இன்னொன்று, சொன்ன நொடியிலிருந்து அவர் வண்டியைத் தொடமாட்டார் என்பது. குடி நிறுத்தும் சிகிச்சையில் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் தரும் டயாஸிபம் போன்ற மாத்திரைகளே தூக்கம் வரவழைப்பவை, போதைச் சோதனையிலும் தெரிபவை. அவை நின்று, மருத்துவர் எழுத்தில் தகுதி சொல்லும்வரை விடுப்பு நீள வேண்டும். பத்து நாள் என்று நிர்வாகமே ஒரு எண்ணை நிரப்பிவிடக் கூடாது.

திரும்பி வந்தவருக்குத் தேதி சொல்லாத தொடர்சோதனைகள் வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்து விதி முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 சோதனைகள் என்கிறது, தேவைப்பட்டால் 5 ஆண்டுவரை நீட்டலாம். சோதனைக்கு மறுப்பதை அந்த விதி தோல்விக்குச் சமமாகவே கொள்கிறது. சிகிச்சைக்குப் பின்னும் பணி நேரத்தில் குடித்துச் சிக்குபவரை ஓட்டும் பணியிலிருந்து நீக்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பேருந்தில் இருப்பவர்களுக்கு அந்த உறுதியைத் தந்தாக வேண்டும்.

இந்த வரிகள் எல்லாம் இருந்தும் ஊழியர்கள் முன்வராத இடங்களில் நான் முதலில் தேடுவது சம்பளம் பற்றிய வரியை. லோகோ பைலட்டுக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் வருமானத்தில் கணிசமான பங்கு ஓட்டினால் மட்டுமே கிடைக்கும் படி. மூன்று மாதம் வண்டியைத் தொடாமல் இருந்தால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்கும். “சிகிச்சைக் காலத்திலும் மாற்றுப் பணியிலும், முந்தைய 12 மாதச் சராசரிப் படியில் இவ்வளவு பங்கு வழங்கப்படும்” என்ற வரியை எழுதி, அந்த இடத்தில் ஒரு எண்ணையும் நிரப்ப வேண்டும். அதைக் கொள்கையின் பின்னிணைப்பில் ஒளித்து வைக்காமல், கருவி மாட்டியிருக்கும் சுவரிலேயே, போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446-உடன் சேர்த்து ஒட்ட வேண்டும்.