லோகோ யாருக்குச் சொந்தம்?

ஒரு பேக்கரிக்கு 40,000 ரூபாய்க்கு லோகோ வரையும் ஃப்ரீலான்ஸ் டிசைனரின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்ப்போம். வேலை: மூன்று மாதிரிகள், தேர்ந்தெடுத்ததில் இரண்டு முறை திருத்தம். மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் கட்டணம். இந்த வரி இல்லாவிட்டால் ‘இன்னும் கொஞ்சம் சிவப்பு’ மாதக்கணக்கில் ஓடும். பணம்: முன்பணம் 20,000, மாதிரி முடிவானதும் 12,000, மூலக் கோப்பைத் தரும் முன் 8,000.

பலர் சறுக்குவது உரிமையில்தான். காசு கொடுத்ததாலேயே லோகோ கடைக்காரருடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து வரைபவரே பொதுவாக முதல் உரிமையாளர். உரிமை கைமாற, அவர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும். அதில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள் மட்டுமே. இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. ஆகவே ‘முழுப் பதிப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதும்’ என்று கடைக்காரர் எழுதிக் கேட்கவேண்டும். ‘கடைசித் தவணை வந்த பிறகே’ என்று டிசைனர் சேர்க்கவேண்டும்.

பாதியில் பிரிய நேர்ந்தால் 15 நாள் முன்னறிவிப்பு. மாதிரி முடிவானபின் கடைக்காரர் விலகினால் 32,000 டிசைனருக்கு. உரிமையும் அவரிடமே தங்கும்.