கஸ்டமர் போட்டோ தரல... வேலை தாமதம் யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய 3 வரிகள்

தா.பழூரில் வெப்சைட் செய்து தரும் ஒருவர், ஒரு ஜவுளிக்கடை வேலையை 30,000 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் முடிக்க வேண்டும். முன்பணம் 12,000, டிசைன் முடிந்ததும் 9,000, வெப்சைட் வெளியானதும் மீதி 9,000.

டிசைன் பத்தே நாளில் ரெடி. ஆனால் துணி போட்டோவும் விலைப்பட்டியலும் வரவில்லை. "நாளைக்கு அனுப்புறேன்" என்றே 2 மாதம் ஓடுகிறது. கடைசியில் "ஏன் இன்னும் முடியல?" என்ற கேள்வி வேறு.

சிக்கல் எங்கே?

30 நாள் கணக்கு, கையெழுத்துப் போட்ட நாளிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கடைசி 9,000 ரூபாயோ கடைக்காரர் போட்டோ தந்தால்தான் வரும். அவர் சும்மா இருந்தாலே பணம் நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67-வது பிரிவு இதற்குத்தான். வேலை கொடுத்தவர் தேவையான வசதியைச் செய்து தராததால் வேலை நின்றால், அதற்கு வேலை செய்பவர் பொறுப்பல்ல. வீட்டை ரிப்பேர் செய்யச் சொன்னவர், எந்த இடம் என்று காட்டவே மறுப்பதை அந்தச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. ஆனால் தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும். அதனால் எழுத்தில் இருப்பது நல்லது.

என்ன எழுதலாம்?

1. "இணைப்புப் பட்டியலில் உள்ள 40 போட்டோ, விலை விவரம், லோகோ முழுதாகக் கிடைத்த மறுநாள் முதல் 30 நாளில் வேலை முடியும்."

2. "கடைசித் தவணை, வெப்சைட் வெளியாகும் நாளில், அல்லது சாம்பிள் படங்களுடன் சோதனை லிங்க் தந்த 30-வது நாளில், எது முன்னதோ அன்று தரப்படும்."

3. "திருத்தம் இருந்தால் 7 நாளில் எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லையேல் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும்."

மூன்றாவது வரி புதுசு இல்லை. 2006-ம் ஆண்டு சிறு, குறு தொழில் மேம்பாட்டுச் சட்டத்திலும், 15 நாளில் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

பழக்கமும் முக்கியம்

போனில் பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும். "மார்ச் 3-ல் கேட்ட 40 போட்டோவில் 12 வந்திருக்கு. மீதி 28 வந்தபிறகுதான் 30 நாள் கணக்கு ஆரம்பிக்கும்" என்ற ஒரு மெசேஜ் போதும். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று சொல்லும் கடைகளில், யார் சொல்வது இறுதி என்று ஒரே ஒருவர் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

எங்கே செல்லாது?

காட்டாத பக்கத்துக்கு ஒப்புதல் வந்ததாகச் சொல்ல முடியாது. போட்டோ எல்லாம் வந்த பிறகும் வேலை இழுத்தால் 67-வது பிரிவு கைகொடுக்காது. நின்ற வேலையைத் திரும்பத் தொடங்க பெரிய தொகை அபராதம் எழுதினாலும், 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும்.