பட்டறைக்கு ஒரு கடிதம்

நீங்களும் நண்பர்களும் சிறு காற்றாலை ஒன்று செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அதன் தண்டைக் கடைய உள்ளூர் லேத் பட்டறையின் உதவி தேவை. "எங்கள் முயற்சிக்கு ஆதரவு தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், வேலை எவ்வளவு என்று பட்டறைக்காரரால் கணக்கிட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஐயா, 25 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டைக் கொண்டு வருகிறோம். அதன் இரு முனைகளையும் 14 மி.மீ. நீளத்துக்கு, 6204 பேரிங் உட்காரும்படி, 20 மி.மீ. விட்டமாகக் கூலியின்றிக் கடைந்து தர வேண்டுகிறோம். மற்ற இடங்களில் துல்லியம் தேவையில்லை. வரைபடமும் பேரிங்குகளும் உடன் வரும். இம்மாத இறுதிக்குள், லேத் ஓய்வாக உள்ள நாளில் செய்தால் போதும்."

தண்டு முழுவதும் துல்லியம் கேட்டால் அவருடைய நேரம் வீணாகும். பேரிங் கையில் இருந்தால், அவர் பொருத்திப் பார்த்தே கடைவார். மெல்லத் தட்டினால் அது ஏற வேண்டும். தளர்வாக ஏறினால், சுழலும்போது உள்வளையம் நழுவித் தண்டைத் தேய்த்துவிடும். கடைந்தெடுத்த உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாதல்லவா? ஆகவே, உபரியாக இன்னொரு தண்டையும் கொண்டு செல்லுங்கள்.