கித்துள் பாளைக்குள் இரண்டு ஓட்டங்கள்

கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கித்துள் பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார்கள். பாளைக் காம்பில் காழும் உரியமும் ஒரே கலன்கட்டில் அருகருகே இருக்கின்றன. கத்தி இரண்டையும் சேர்த்தே அறுக்கிறது. ஆனால் முட்டியில் சொட்டுவது உரியத்தின் இனிப்பு நீர். காழிலும் நீர் நிறைய இருக்கிறதே, அது ஏன் வடியவில்லை? உயர்தரப் பரீட்சைக்கு இந்தப் பாடத்தை மீட்டுகிற மாணவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

காழில் நீர் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. இலைவாய் வழியே நீர் ஆவியாகும்போது, இலைக் கலங்களின் ஈரச் சுவர்களில் நீரின் மேற்பரப்பு உள்நோக்கி வளைந்து பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் அந்த இழுவை அறுபடாமல் வேர்வரை போகிறது. 1894இல் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த பிணைவு–இழுவைக் கொள்கை இது. வேலைக்கான சக்தியைத் தருவது சூரியன். இழுவையிலுள்ள குழாயை அறுத்தால் நீர் உள்வாங்கும். வெட்டுவாய் வழியே காற்றுப் புகுந்துவிடும். பூக்காம்பை நீருக்குள் வைத்து வெட்டச் சொல்வதும் இதனால்தான்.

உரியத்தில் இருப்பதோ அமுக்கம். பூக்கும் பருவத்தில் கித்துள் தண்டில் சேமித்த மாப்பொருள் சுக்குரோசாக மாறி நெய்யரிக்குழாய்களில் ஏற்றப்படுகிறது. வெல்லம் செறிந்த இடத்துக்கு, பக்கத்துக் காழிலிருந்து பிரசாரணத்தால் நீர் நுழைகிறது. சாற்றில் 10 சதவீதம் சுக்குரோசு என்று வைத்துக் கணக்கிட்டால், பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 7 வளிமண்டலம். காழின் இழுவை அதில் ஒரு பங்கைக் கழித்துவிடும், மீதியே சாற்றைத் தள்ளுகிறது. 10 மீற்றர் உயர நீர்நிரலைத் தாங்க 1 வளிமண்டலம் போதும் என்பதை நினைத்தால் அந்த மீதியின் வலிமை புரியும். வழக்கமாகப் பூக்களும் காய்களும் வெல்லத்தை எடுத்துக்கொள்ள, நீர் வெளியேறி அங்கே அமுக்கம் குறையும். இந்த அமுக்க வேறுபாடே ஓட்டத்தை நடத்துகிறது என்று மூன்ச் 1930இல் விளக்கினார். பாளையைச் சீவியதும் வெட்டுவாயே அமுக்கமில்லாத முனையாகிவிடுகிறது. சாறு அங்கே விரைகிறது. ஆனால் நெய்யரித்தட்டுகள் காயத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காம்பை நாள்தோறும் மெல்லியதாகச் சீவவேண்டியிருக்கிறது.

'உரியம் கீழ்நோக்கிக் கடத்தும்' என்று எழுதினால் கித்துளே அதை மறுத்துவிடும். கித்துளின் முதற்பாளை உச்சியில்தான் வரும், அதற்கான வெல்லமோ கீழேயுள்ள தண்டிலிருந்து ஏறுகிறது. திசையைத் தீர்மானிப்பது மூலமும் தேக்கிடமும்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. தண்டின் ஒரு பகுதியைக் கொதிநீராவியால் சுட்டுக் கலங்களைக் கொன்றால், அவ்விடத்தில் வெல்லக் கடத்தல் நின்றுவிடும். ஏற்கெனவே இறந்த கலங்களாலான காழில் நீர் தொடர்ந்து ஏறும்.