அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் வாக்கியம்

"மாட்டுக்குப் போட்ட வலி ஊசியால் நாய்க்கடிச் சாவுகள் கூடின." பரீட்சைத் தாளில் ஒரு மாணவர் இப்படி எழுதினால், திருத்துபவர் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். ஆனால் அந்த வாக்கியம் உளறல் இல்லை. நடுவில் இருக்கும் படிகளை எல்லாம் விழுங்கிவிட்டது, அதுதான் அதன் குறை. விழுங்கிய படிகளை வெளியே எடுத்து வைக்க உதவுவதுதான் காரண-விளைவுப் படம். சில பெட்டிகள், அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள்; வேறொன்றும் தேவையில்லை.

விஷயம் இதுதான். 1990களில் இந்தியாவில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கொத்துக் கொத்தாகச் செத்தன. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில்தான் இந்தச் சரிவு முதலில் கவனமாகப் பதிவானது. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் 2007 வாக்கில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியிருந்தது.

படம் வரையும்போது தொடக்கத்தைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தாளின் நடுவில் எழுதலாம்: "பாறுகள் சாகின்றன." அதற்கு இடப்பக்கம் "ஏன்?" என்று கேட்டுப் பின்னால் போக வேண்டும், வலப்பக்கம் "அதனால் என்ன ஆயிற்று?" என்று கேட்டு முன்னால் போக வேண்டும். பெட்டிக்குள் வினைச்சொல் இருப்பது முக்கியம். வெறும் "பாறு", வெறும் "நாய்" என்று எழுதி நடுவில் அம்பு போட்டால், எது கூடியது, எது குறைந்தது என்று வரைந்தவருக்கே மறுநாள் தெரியாது. வினையோடு எழுதினால் நம் படம் இப்படி வரும்:

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடுகிறார்கள் → மருந்து உடலில் மிஞ்சியிருக்கும்போதே மாடு சாகிறது → பாறுகள் அதைத் தின்கின்றன → அவற்றின் சிறுநீரகம் கெடுகிறது → பாறுகள் சாகின்றன → செத்த மாடுகள் அழுகிக் கிடக்கின்றன → தெருநாய்கள் பெருகுகின்றன → நாய்க்கடியும் வெறிநோயும் கூடுகின்றன

எழுதத் தொடங்குபவர்கள் பலர் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு வாக்கியமாக்கி, நடுவே "பிறகு", "அதன்பின்" என்று ஒட்டிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் நாட்குறிப்புதான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. எழுத வேண்டியது பெட்டியை அல்ல, அம்பை. ஒவ்வோர் அம்பின் மேலும் விரலை வைத்து "எப்படி?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதுவே வாக்கியம். வராவிட்டால் அங்கே ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது.

சிறுநீரகம் கெடுவதற்கும் பாறு சாவதற்கும் நடுவிலுள்ள அம்பைப் பாருங்கள். பறவைகள் உடல் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றுபோனால் அந்த அமிலம் ரத்தத்தில் ஏறி, ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது இதைத்தான். இந்த ஒரு படி இல்லாவிட்டால், வாசகர் அந்த அம்பை நம் வார்த்தையை நம்பித்தான் தாண்ட வேண்டியிருக்கும்.

இன்னோர் இடத்தில் படமே போதாமல் போகிறது. ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவுக்குப் போதும் என்று தெரிந்தது. அவ்வளவு சிறிய காரணத்தால் இவ்வளவு பெரிய விளைவா? ஒரே அம்பால் இதை விளக்க முடியாது. "பாறுகள் சாகின்றன" என்பதற்கு அடுத்து "இனமே சரிகிறது" என்று ஒரு பெட்டி போட்டு, அதற்குள் பக்கவாட்டிலிருந்து மேலும் இரண்டு அம்புகளைக் கொண்டுவர வேண்டும். ஒரு மாட்டின் மேல் பாறுகள் கூட்டமாக இறங்குகின்றன என்பது ஒன்று. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இழப்பை ஈடுகட்ட முடியாது என்பது மற்றொன்று. பல அம்புகள் ஒரு பெட்டியில் சேரும் இடத்தில் "அதனால்" என்ற சொல் தனியாக நிற்காது. "மட்டுமல்ல", "அதோடு" என்று எல்லாக் காரணங்களையும் சொல்லிவிட்டுத்தான் விளைவுக்கு வர வேண்டும்.

இனி பத்தி பிரிப்பது. பெட்டிக்கு ஒரு பத்தி என்று வைத்தால் கட்டுரை துண்டுதுண்டாகிவிடும். கதை எங்கே இடம் மாறுகிறதோ அங்கே வெட்டுவது நல்லது. இந்தப் படத்தில் இடங்கள் மூன்று: மாட்டுத் தொழுவம், பறவையின் உடல், தெரு. ஒரு பத்தி எந்தப் பெட்டியில் முடிகிறதோ, அடுத்தது அதே பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும். இரண்டாவது பத்தியின் முடிவும் மூன்றாவதன் தொடக்கமும் இப்படி அமையலாம்:

"ஒரு மாட்டைப் பல பாறுகள் கூடித் தின்பதால், விஷமேறிய ஒரே உடல் ஒரு கூட்டத்தையே அழித்துவிடும். அதோடு, ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் பறவையால் இந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே வானம் காலியானது.

"பாறுகள் இல்லாமல் போகவே, முன்பு சிறிது நேரத்தில் எலும்பாகிவிடும் மாடுகள் ஊர் எல்லையில் நாள்கணக்கில் அழுகிக் கிடந்தன. அந்த இறைச்சி தெருநாய்களுக்குத் தீனியாயிற்று. தீனி கிடைத்ததால் அவை பெருகின. அதனால் நாய்க்கடியும் வெறிநோய்ச் சாவும் கூடியிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்."

கடைசி வாக்கியத்தில் மட்டும் "கூடின" என்று எழுதாமல் "கூடியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எல்லா அம்புகளும் ஒரே உறுதியுடையவை அல்ல. முதலில் பலரும் ஏதோ தொற்றுநோய்தான் பாறுகளைக் கொல்கிறது என்று சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, அந்த வெள்ளைப் படிவு இருந்த பாறுகளின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபினாக் இருப்பதையும், படிவு இல்லாதவற்றில் அது இல்லாததையும் கண்டது. மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைக் கூண்டிலிருந்த பாறுகளுக்குக் கொடுத்தபோது அவையும் அதேபோல் செத்தன. 2004இல் வெளியான இந்த முடிவு சோதித்து நிறுவியது. ஆகவே அதற்கு அழுத்தமான கோடு, நேரான வினைமுற்று. நாய், வெறிநோய் பக்கம் இருப்பதோ புள்ளிவிவரங்களைக் கோத்துப் பெற்ற அனுமானம். அங்கே புள்ளிக்கோடுதான் போட வேண்டும், வாக்கியமும் அதற்கேற்ப அடங்கியே பேச வேண்டும். செய்திகளில் இந்த வித்தியாசம் அடிக்கடி காணாமல் போகிறது.

தீர்வைப் பற்றி எழுதும்போதும் இதே படத்தை எடுத்துக்கொள்ளலாம்: எந்த அம்பை வெட்டுவது? நாய்களைக் குறைப்பது கடைக்கோடியில் வெட்டுவது. 2006இல் இந்திய அரசு முதல் பெட்டியிலேயே கை வைத்து, கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதைத் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாக முன்வைக்கப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் பெரிய குப்பிகளில் கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. அது மாட்டுக்கும் போயிற்று. படத்தில் இது வெளியிலிருந்து முதல் பெட்டிக்குள் நுழையும் புதிய அம்பு. 2015இல் மனிதர்களுக்கான ஊசி மருந்தை ஒரு முறைக்கான 3 மில்லி அளவில் மட்டுமே விற்க வேண்டும் என்று விதி வந்தது. பாறுகளைக் கொல்லும் வலி மருந்து அது ஒன்றுதானா என்று அந்தப் பெட்டியை மறுபடி கேட்டதில் கீட்டோப்ரொஃபென், அசிக்ளோஃபினாக் என்ற பெயர்கள் சேர்ந்தன. 2023இல் அவையும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன.