அறுநூறு இலைக்கு ஒரு மெயில்

"ஒரு ஆயிரம் பேர் இருக்கும் சார், நல்லா செஞ்சு குடுங்க." கல்யாணத்துக்குச் சமையல் பேசும் பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆயிரம் என்ன ஆயிரம் என்று வீட்டாரும் சொல்வதில்லை, கேட்டரரும் தோண்டிக் கேட்பதில்லை. சண்டை வருவது பில் வரும்போதுதான்.

கேட்டரிங்கில் கணக்கு ஆளுக்கு அல்ல, இலைக்கு. ரிசப்ஷனுக்கு வந்த சித்தப்பா ராத்திரி தங்கி, காலையில் டிபனும் முகூர்த்தச் சாப்பாடும் சாப்பிட்டால் அவர் மூன்று இலை. போதாததற்கு, நீங்கள் உறுதி சொன்ன எண்ணிக்கைக்கு ஆள் குறைந்தாலும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்கே பணம் கொடுக்க வேண்டியிருக்கும். கூடினால் கூடின இலைக்குத் தனியாக. அதனால் ருசி பார்க்கப் போவதற்கு முன்பே வேளைவாரியாக எழுதி அனுப்பிவிடுவது நல்லது. சென்னையில் நடக்கும் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொண்டால், மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். எங்கள் மகள் திருமணம் ஆகஸ்ட் 29, 30 தேதிகளில். 29 இரவு ரிசப்ஷன் 600 இலை, 30 காலை டிபன் 200, முகூர்த்தச் சாப்பாடு 350. மண்டபத்தில் ஒரு பந்திக்கு 200 பேர் உட்காரலாம். இறுதி எண்ணிக்கையை 25ஆம் தேதி சொல்கிறோம். முழுக்க சைவம், முகூர்த்தச் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு வேண்டாம். விருந்தினர் ஒருவருக்கு முந்திரி ஒவ்வாமை உண்டு. ஆகஸ்ட் 2 மதியம் 12 மணிக்கு நாங்கள் 4 பேர் டேஸ்டிங்குக்கு வரலாமா? இட்லி, சாம்பார், ரசம், அவியல், வெஜ் பிரியாணி, சேமியா பாயசம் போதும். கல்யாணத்துக்கு வரும் மாஸ்டரே அன்றும் சமைத்தால் நல்லது. டேஸ்டிங்குக்குக் கட்டணம் உண்டா? ஆர்டர் உறுதியானால் அதைக் கழித்துக்கொள்வீர்களா?"

மூன்று வேளையையும் கூட்டினால் 1,150 இலை. "ஆயிரம் பேர்" என்று வாயால் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பந்திக் கணக்கும் சும்மா எழுதியதல்ல. அறுநூறு பேர் என்றால் மூன்று பந்தி. முதல் பந்தியில் சூடாக விழும் பாயசம் மூன்றாவது பந்திக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அண்டாவில் கிடந்திருக்கும். டேஸ்டிங்கில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இருபத்தோரு ஐட்டத்தையும் கேட்டு வாங்கி ருசி பார்ப்பது வீண். ஐந்தாவது ஐட்டத்துக்கு மேல் நாக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டும். நேரமானால் குணம் மாறும் பதார்த்தங்களை மட்டும் கேளுங்கள். சேமியா பாலை இழுத்துக்கொண்டு பாயசம் கூழாகிவிடும். ரசம் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தால் வாசனை போய்விடும். அவியல் தயிரும் தேங்காயும் சேர்ந்தது, வெயில் நாளில் புளிக்க நேரமாகாது. வந்தவுடன் பாதியைச் சாப்பிடுங்கள். மீதியை மூடி வைத்துவிட்டு, ரேட், பரிமாறும் ஆட்கள், தண்ணீர் என்று பேசிக்கொண்டிருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வாயில் வையுங்கள். அப்போதும் பாயசம் கரண்டியிலிருந்து வழிந்தால், தெரிந்த கைதான் கிண்டியிருக்கிறது. இதிலும் ஒரு குறை உண்டு. பத்துப் பேருக்குச் செய்ததை வைத்து அறுநூறு பேர் சமையலை முழுக்க எடைபோட முடியாது. அந்தக் கேட்டரர் வேறொரு மண்டபத்தில் சமைக்கும் நாளில், அந்த வீட்டார் சம்மதித்தால், சமையற்கட்டுப் பக்கம் போய்ப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம்.

மெயிலில் விருப்பத்தையும் ஒவ்வாமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. "சாம்பாரில் வெல்லம் வேண்டாம்" என்பது விருப்பம். மறந்துபோனால் முகம் சுளிப்போம், அவ்வளவுதான். முந்திரி ஒவ்வாமை அப்படியல்ல, உயிருக்கே ஆபத்தாகலாம். பொங்கல் மேல் கிடக்கும் முந்திரியைப் பொறுக்கிப் போட்டால் தீராது. குருமாவில் அது அரைத்த விழுதாகக் கலந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. எந்தெந்த ஐட்டத்தில் முந்திரி போகிறது என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒருவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டியில் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் அவருக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுபோய்விடலாம்.

இன்னொன்று. மெயிலைப் படிப்பவர் ஆபீசில் இருக்கும் மேனேஜர். அண்டா முன்னால் நிற்கும் மாஸ்டர் அதைப் பார்க்கவே மாட்டார். டேஸ்டிங் முடிந்த அன்றே "சாம்பாரில் வெல்லம் வேண்டாம், பாயசம் தளர்வாக, பிரியாணியில் காரம் குறைவாக" என்று அதே மெயிலுக்குக் கீழே பதில் போட்டு, தமிழில் ஒரு பிரிண்ட் எடுத்து மாஸ்டர் கையிலும் கொடுத்துவிடுங்கள். வேளைவாரி இலைக் கணக்கும் ரேட்டும் மெனுவும் சரிதான் என்று கேட்டரரிடமிருந்து பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.