களை எடுக்க ஏற்ற காலம்

‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்பது பழமொழி. ஆனால், களையை எப்போது பிடுங்க வேண்டும்? விளைச்சலைக் காப்பதில் இக்கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு.

கெமரன் மலையில் உள்ள திரிங்காப்பில் முட்டைக்கோஸ் பயிரிடும் ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். நாற்று நட்ட முதல் வாரத்தில் களைகள் மிகச் சிறியவை. அவற்றால் பயிருக்குப் பெரிய இழப்பு இல்லை. பின்னர் அவை வேகமாக வளர்ந்து நீர், உரம், வெயில் ஆகியவற்றைப் பங்குபோடத் தொடங்குகின்றன. நிழலில் சிக்கிய நாற்று குறைவான இலைகளையே விடும். இலைகள் குறைந்தால் கோஸ் உருண்டை சிறுத்துவிடும். பிறகு களையெடுத்தாலும் இழந்த வளர்ச்சி முழுமையாகத் திரும்பாது. ஆனால், இலைகள் விரிந்து பாத்தியை மூடிய பின் முளைக்கும் களைகளுக்கு வெயில் கிடைக்காது. அவை விளைச்சலை அதிகம் பாதிப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே ‘களைப் போட்டியின் நெருக்கடிக் காலம்’ எனப்படுகிறது. இதைக் கண்டறிய ஆய்வாளர்கள் இரு வகைப் பாத்திகளை அமைப்பர். முதல் வகையில் களைகளைச் சில வாரங்கள் வளரவிட்டு, பிறகு அறுவடை வரை அகற்றி வருவர். இரண்டாம் வகையில் தொடக்கத்தில் சில வாரங்கள் களையின்றிக் காத்து, பிறகு வளரவிடுவர். ஓர் எடுத்துக்காட்டு: முதல் வகையில் 2 வாரம் களை இருந்த பாத்தியில் விளைச்சல் குறையவில்லை, 3 வாரம் இருந்த பாத்தியில் குறைந்தது. இரண்டாம் வகையில் 4 வாரம் காத்த பாத்தியில் விளைச்சல் குறைந்தது. 5 வாரம் காத்ததில் குறையவில்லை. எனவே, 2ஆம் வார முடிவிலிருந்து 5ஆம் வார முடிவு வரை நிலம் களையின்றி இருக்க வேண்டும். இருமுறை களையெடுக்க மட்டுமே கூலி கொடுக்க முடிந்தால், அவ்விரண்டையும் இக்காலத்திற்குள் செய்வதே பயன் தரும்.

இக்காலம் எல்லாப் பயிருக்கும் ஒன்றன்று. பல குறுகிய காலப் பயிர்களுக்கு, ஆயுளின் முதல் மூன்றில் ஒரு பங்கு எனத் தோராயமாகக் கணக்கிடுவர். வெங்காயத்தின் இலைகள் ஒல்லியாக நிமிர்ந்து நிற்பதால் நிலத்தை மூடுவதில்லை. அதனால் அதற்கு நீண்ட காலம் களையெடுக்க வேண்டும். தேயிலைக்கோ இளஞ்செடியாக உள்ள தொடக்க ஆண்டுகளே நெருக்கடியானவை. புதர்கள் ஒன்றோடொன்று இணைந்ததும் அவற்றின் நிழலே களையை அடக்கிவிடும்.

நெருக்கடிக் காலம் கடந்ததும் களையை முற்றிலும் மறந்துவிடக் கூடாது. எஞ்சியவை பூத்து விதை சிந்தினால், அடுத்த பயிரில் களை பெருகும். ஆகவே, பூக்கும் முன் அவற்றை வெட்டிவிட வேண்டும். மலைச்சரிவில் மண்வெட்டியால் நிலத்தை வழித்துச் சுரண்டினால், மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படும். அங்கே பயிரின் அடியைச் சுற்றிக் கையால் களையெடுத்து, இடைவெளியில் உள்ளவற்றை அரிவாளால் தாழ வெட்டிவிடுவது நல்லது.